‘வாடி விளக்கு’ கதை: பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு ‘வாடி விளக்கு’ என்னும் சிறுகதையை எழுதினேன். அதை வாசித்துக் காட்டிய இடங்களிலெல்லாம் பிள்ளைகளும், அவர்களை அழைத்துவந்த பெற்றோரும், சில வேளைகளில் ஆசிரியர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களையே கேட்டார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தந்து, என் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கதையில என்ன நடக்குது? நாங்க இன்னும் வாசிக்கல்ல.

வதனி என்னும் சிறுமியின் தகப்பனார் வட்டையில் வாடி போட்டு வேளாண்மைக்குக் காவல் இருக்கிறார். வாடியின் கூரையில் இருபது வாற்றுச் சோலார் பனல் ஒன்றும், உள்ளே ஒரு சிறிய பற்றரியும், மூன்று வாற்று விளக்கு ஒன்றும் உண்டு. மாலை ஆறு மணிக்கு ஏற்றினால் விடியும்வரை எரிந்துவந்த அந்த விளக்கு, சில நாட்களாக நடுச்சாமம் கடந்து இரண்டு மணியளவில் அணைந்துவிடுகிறது. யானை வரும் நேரமும் அதுதான். தகப்பனார் பனல் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்.

வதனி இதைத் தன் பள்ளிக்கூட ஆசிரியரிடம் சொல்கிறாள். அவர் பனலைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, ஒரு மீற்றரும் ஒரு சாக்கும் வைத்துக்கொண்டு, அது எப்படி மின்சாரம் தருகிறது என்று காட்டுகிறார். பனலில் பழுது ஒன்றும் இல்லை. அடுத்த நாள் எல்லோரும் வட்டைக்குப் போய்ப் பார்க்கும்போதுதான் உண்மையான காரணம் தெரியவருகிறது. அதைக் கீழே ஒரு கேள்வியில் சொல்லியிருக்கிறேன். கதையை முதலில் வாசிக்க விரும்புகிறவர்கள் தென்னோலை பற்றிய அந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்லலாம்.

எத்தனையாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது விளங்கும்?

ஐந்தாம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்காக எழுதினேன். ‘இலத்திரன்’ என்னும் சொல் வருகிறது, ‘குறைகடத்தி’ வரவில்லை. அந்த வயதில் பெயரைவிட நடப்பதே முதலில் மனத்தில் பதியவேண்டும் என்பது என் எண்ணம்.

வெயில்ட சூடுதானே கரண்டா மாறுது? ஏன் சேர் இல்லையெண்டு சொல்றார்?

சூடு அல்ல, வெளிச்சமே மாறுகிறது. சொல்லப்போனால் சூடு பனலுக்குக் கெடுதல். கதையில் ஆசிரியர் இதை இரண்டு படியாகக் காட்டுகிறார். முதலில் நிழலில் ஆறியிருந்த பனலை வெயிலுக்குக் கொண்டுவந்த உடனேயே மீற்றரை வைக்கிறார். 21 வோல்ற்று அளவில் காட்டுகிறது. பிறகு அதே இடத்தில் அரைமணி நேரம் விட்டு, கண்ணாடியில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டபின் மீண்டும் பார்க்கிறார். 19 வோல்ற்றுக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. வெயில் குறையவில்லை, சூடு மட்டுமே கூடியிருக்கிறது.

இந்த எண்களை நான் கதைக்காகக் கற்பனை செய்யவில்லை. அப்படிப்பட்ட பனலில் 36 சிறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.6 வோல்ற்றுத் தரும். சூடு ஒரு பாகை கூடும்போது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு மில்லிவோல்ற்றுக் குறையும். முப்பது பாகை கூடினால் 36 கலங்களிலும் சேர்த்து இரண்டு வோல்ற்றுக்கு மேல் போய்விடும். பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் சுட்ட பனலை ஆற்றுவதற்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றக்கூடாது, கண்ணாடி வெடிக்கக்கூடும்.

இரண்டாவது படி இன்னும் எளிது. சுட்ட பனலில் ஒரு சிறிய விசிறியைப் பூட்டிச் சுழலவிட்டு, பனலைச் சாக்கினால் மூடுகிறார். பனல் அப்போதும் சுடுகிறது, விசிறி நின்றுவிடுகிறது.

அப்ப உள்ளுக்க என்னதான் நடக்குது?

ஆசிரியர் இதற்கு நம்முடைய வாவியையே எடுத்துக்கொள்கிறார். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய பட்டையாகக் கிடப்பது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே அகன்று கிடப்பது படுவான்கரை. பனலில் உள்ள சிலிக்கன் தகடும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. சூரியனைப் பார்த்திருக்கும் மேற்படை மிக மெல்லியது. அதற்குக் கீழே உள்ள படை தடித்தது. இரண்டும் சேர்ந்தாலும் தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கைத் தாண்டாது.

அகன்ற கரையில் இலத்திரன்கள் தத்தம் வீடுகளில் உறங்குகின்றன. வெளிச்சம் உள்ளே புகுந்து ஓர் இலத்திரனில் பட்டால் அது விழித்து, வீட்டை விட்டு வெளியே வந்து, திசை தெரியாமல் அலைகிறது. அலைந்து துறையை அடைந்துவிட்டால், அங்கே நிற்கும் பாதை என்னும் மிதவைப் படகு அதை ஏற்றி எழுவான்கரையில் இறக்கிவிடும். துறையை அடையுமுன் களைத்துப்போனால் ஏதாவது வெறும் வீட்டுக்குள் மீண்டும் உறங்கிவிடும். அதற்குக் கிடைத்த சக்தி வீணே சூடாகிப் போகும். பனல் செய்கிறவர்கள் சிலிக்கனை அத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்வதற்குக் காரணம், வழியில் இப்படி உறங்கிப்போகும் இலத்திரன்களைக் குறைப்பதே.

இந்தப் பாதை ஒரு பக்கம் மட்டுமே ஓடும். எழுவான்கரையில் கூடிவிட்ட இலத்திரன்கள் வீட்டுக்குத் திரும்பவேண்டுமானால் பாலத்தால் சுற்றிப் போகவேண்டும். அந்தப் பாலம்தான் பனலிலிருந்து விளக்குக்குப் போய்த் திரும்பும் வயர். பாலத்தைக் கடக்கும்போது அவை விளக்கினூடாகப் போகின்றன, விளக்கு எரிகிறது. “மனே, வெளிச்சம் ஆக்கள எழுப்பித்தான் விடுது. வேலை நடக்கிறது அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போற வழியில” என்று ஆசிரியர் சொல்லும் இடத்தில்தான் பிள்ளைகளின் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படுமுன் அத்துறையில் பாதையில் கடந்த பெரியவர்களுக்கு இந்த உவமானம் இன்னும் விரைவாகப் பிடிபடுகிறது.

அந்தப் பாதைய ஓட்டுறது ஆர்?

ஒரு பத்து வயதுப் பையன் கேட்ட கேள்வி இது. கதையில் இதற்குப் பதில் இல்லை; இருந்திருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் அயலவருடன் கைகோக்க நான்கு இலத்திரன்களை வைத்திருக்கிறது. மேற்படையில் மிகச் சிறிதளவு பொசுபரசைக் கலக்கிறார்கள். அதன் அணுவுக்கு ஐந்து இருப்பதால் ஒன்று மிஞ்சும். கீழ்ப்படையில் போரன் போன்ற ஒன்றைக் கலக்கிறார்கள். அதற்கு மூன்றே இருப்பதால் ஓர் இடம் வெறுமையாகும். இரண்டு படைகளும் சந்திக்கும் எல்லையில், மேலே மிஞ்சிய இலத்திரன்கள் கீழேயுள்ள வெற்றிடங்களுக்குள் போய் விழுகின்றன. அவை விட்டுவந்த மேற்பக்க எல்லை நேரேற்றம் பெறுகிறது, கீழ்ப்பக்க எல்லை மறையேற்றம் பெறுகிறது. சிறிது போனதும் இந்த ஏற்றங்களே மேலும் கீழே வரப்பார்க்கும் இலத்திரன்களைத் தடுத்து நிறுத்திவிடும்.

அதன்பிறகு, கீழ்ப்படையில் வெளிச்சத்தால் விழித்த இலத்திரன் ஒன்று அந்த எல்லைக்கு வந்தால், மேலேயுள்ள நேரேற்றம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த இழுவைதான் பாதை. ஓட்டுநர் இல்லை, எண்ணெயும் வேண்டியதில்லை. தொழிற்சாலையில் தகடு செய்யப்பட்ட நாளிலிருந்து அது அங்கேயே நிற்கிறது, இரவிலும் நிற்கிறது. ஏறுவதற்கு ஆள் இல்லாததால் இரவில் ஓட்டம் இல்லை.

இலத்திரன் எல்லாம் வெளிய போய்க்கிட்டே இருந்தா ஒருநாள் முடிஞ்சு போகாதா?

முடியாது. பாலத்தால் போனவை படுவான்கரைக்கே திரும்பி வந்து வெறும் வீடுகளில் புகுந்துகொள்கின்றன. மீண்டும் வெளிச்சம் பட, மீண்டும் விழிக்கின்றன. வயரைக் கழற்றினால் ஓட்டம் நிற்பதும் இதனால்தான்.

பனல் இருபத்தைந்து ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பலம் குறைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. விளிம்பால் ஈரம் புகுவது, கலங்களை இணைக்கும் பட்டிகளின் ஈயப்பற்று விட்டுப்போவது, கலங்களை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் படை மஞ்சளாவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கடற்கரையோரம் உள்ளவர்கள் பின்பக்கப் பெட்டியின் மூடியைத் திறந்து, முனைகளில் பச்சை நிறமாகப் பூத்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. உப்புக்காற்று முதலில் பிடிக்கும் இடம் அது.

வீட்டில செய்து பாத்தம். சாக்கால மூடியும் மீற்றர் பதினைஞ்சு வோல்ற்றுக் காட்டுது. கதை பிழையா?

கதை சரி, உங்கள் மீற்றரும் சரி. கதையில் சாக்குப் போடும் இடத்தில் ஆசிரியர் மீற்றரை வைக்கவில்லை, விசிறியைத்தான் வைத்திருக்கிறார். காரணம் இதுவே.

சாக்கின் இழைகளுக்கு இடையால் சிறிதளவு வெளிச்சம் எப்போதும் புகும். அதனால் சில இலத்திரன்கள் விழித்துப் பாதையில் ஏறிவிடும். வோல்ற்று அளக்கும்போது மீற்றர் ஏறத்தாழ ஒன்றையும் தன்னூடாகப் போகவிடாது. அதாவது பாலம் மூடியிருக்கிறது. ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தாலும் போக வழியின்றி எழுவான்கரையில் கூடிக்கொண்டே இருப்பார்கள். அந்த நெரிசலைத்தான் வோல்ற்று என்று மீற்றர் காட்டுகிறது. விசிறியைப் பூட்டினால் பாலம் திறக்கும், கூடியிருந்தவர்கள் ஒரு நொடியில் போய்விடுவார்கள், பின்னால் வருகிறவர்களோ மிகச் சிலர். விசிறி சுழலாது. வெளிச்சம் குறையும்போது வோல்ற்று மெல்லத்தான் இறங்கும். அம்பியர் வெளிச்சத்துடன் நேராகவே இறங்கும். எனவே ஒரு பனல் நல்லதா என்று வோல்ற்றை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக்கூடாது. கடையில் வோல்ற்றுக் காட்டி விற்கப்பட்ட பனல் வீட்டில் ஒரு விளக்கைக்கூட எரிக்காமல் போனதை நானே அனுபவித்திருக்கிறேன்.

ஒரு தென்னோலை நிழல் விழுந்ததுக்கா விளக்கு ரெண்டு மணிக்கு நூந்தது? நம்பவே முடியல்ல.

பெரியவர்கள் அதிகம் மறுத்துரைத்த இடம் இது. ஆகவே முழுக் கணக்கையும் தருகிறேன்.

வாடிக்குப் பக்கத்துத் தென்னையில் ஓர் ஓலை முறிந்து தொங்கியது. நண்பகல் கழிந்தபின் அதன் நிழல் பனலின் கீழ் விளிம்பில் இரண்டு கலங்களை மூடியது. 36 இல் இரண்டுதானே என்று தோன்றும். ஆனால் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு கலத்தால் போகும் அதே ஓட்டம்தான் மற்றெல்லாவற்றாலும் போகவேண்டும். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் அடைத்தால் கீழ்வயல் முழுவதற்கும் தண்ணீர் குறைவதைப் போன்றது இது. அடைபட்ட கலம் சூடாகி எரிந்துபோகாமல் இருக்க, நல்ல பனல்களின் பின்பக்கப் பெட்டிக்குள் இருவாயிகள் இருக்கும். இத்தகைய பனலில் பெரும்பாலும் இரண்டு, பதினெட்டுக் கலங்களுக்கு ஒன்று. நிழல் விழுந்த பாதியைத் தவிர்த்து ஓட்டம் அந்த இருவாயி வழியாகப் போகும். ஆனால் மிஞ்சிய பதினெட்டுக் கலங்கள் வேலை செய்யும்போது தருவது ஏறத்தாழ ஒன்பது வோல்ற்று. பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரிக்குள் ஒன்பது வோல்ற்றால் ஒன்றையும் ஏற்ற முடியாது. ஆகவே பனலில் முக்காற்பங்குக்கு மேல் வெயில் படும்போதும் பற்றரிக்குப் போவது சூனியம்.

இருபது வாற்றுப் பனல் நல்ல வெயிலில் 1.1 அம்பியர் தரும். நம் பகுதியில் ஒரு தெளிவான நாளின் வெயிலை முழு வெயிலாகக் கணக்கிட்டால் நாலரை மணித்தியாலம் என்று கொள்ளலாம். ஐந்து அம்பியர்-மணி வரும். பற்றரிக்குள் ஏறி இறங்குவதில் ஐந்திலொரு பங்கு போக, நான்கு மிஞ்சும். மூன்று வாற்று விளக்குக்குக் கால் அம்பியர் வேண்டும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மூன்று அம்பியர்-மணி. மூன்று வேண்டிய இடத்தில் நான்கு இருந்ததால் விடியும்வரை எரிந்தது. நிழல் பிற்பகலை முழுதாகப் பறித்துக்கொண்டபின் நான்கு இரண்டாகியது. முன்பு மிஞ்சியிருந்த சேமிப்புச் சில நாட்களில் கரைந்தது. அதன்பிறகு இரண்டைக் காலால் வகுத்தால் எட்டு மணித்தியாலம்: ஆறு மணிக்கு ஏற்றிய விளக்கு இரண்டு மணிக்கு அணைந்தது. வதனி இந்தக் கணக்கை மணலில் விரலால் எழுதிப் பார்க்கிறாள். தகப்பனார் ஒரு சொல்லும் சொல்லாமல் கத்தியை எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போகிறார்.

மாரி காலத்தில என்ன செய்யிற? பனலை எந்தப் பக்கம் பாக்க வைக்கிற?

முகில் மூடினாலும் வெளிச்சம் உண்டு, ஆகவே மின்சாரமும் உண்டு. கருமுகில் மூடிய நாளில் பத்திலொரு பங்களவுக்கும் இறங்கிவிடலாம். கார்த்திகை, மார்கழியில் மழை தொடர்ந்து பெய்யும் நாட்களுக்காகப் பற்றரியைச் சற்றுப் பெரிதாக எடுப்பதே வழி. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் இருப்பதால், சித்திரையிலிருந்து ஆவணி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மிஞ்சிய மாதங்களில் தெற்கே நிற்கும். எனவே தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சரித்தால் போதும். அந்தச் சரிவும் மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு போவதற்காகவே பெரிதும் உதவுகிறது.

விழுற வெளிச்சம் முழுக்கக் கரண்டாகுமா?

ஆகாது. இன்றைய நல்ல பனல்கள் விழும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை மின்சாரமாக்குகின்றன. 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்ட பயன்படத்தக்க சிலிக்கன் கலம் ஏறத்தாழ 6 சதவீதமே தந்தது.

வெளிச்சம் சிறு சிறு பொதிகளாக வருகிறது. இலத்திரனை எழுப்புவதற்கு ஒரு பொதிக்குக் குறிப்பிட்ட அளவு பலம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளியின் ஒரு பகுதிக்கு அந்தப் பலம் இல்லை. எத்தனை பொதி வந்தாலும் ஓர் இலத்திரனும் விழிக்காது. நீல ஒளியின் பொதிக்கோ தேவைக்கு மேல் பலம் உண்டு. ஆனாலும் அது எழுப்புவது ஓர் இலத்திரனையே, மிச்சப் பலம் சூடாகிவிடும். இந்த இரண்டு இழப்புகளும் சிலிக்கனுடைய இயல்பால் வருவன. எத்தனை கவனமாகச் செய்தாலும் சிலிக்கனை மட்டும் கொண்ட கலத்தில் அவற்றைத் தவிர்க்க முடியாது.

வாவி உவமானம் எந்த இடத்தில பிழைக்கும்? படிப்பிக்கிற எங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பாலத்தால் மனிதர் விரைந்து நடப்பதைப் போல் இலத்திரன்கள் வயரில் விரைவதில்லை. மேலே சொன்ன 1.1 அம்பியர் ஓட்டத்தில், சாதாரண ஒன்றரைச் சதுரமில்லிமீற்றர் செப்பு வயரில், அவை ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு சாண் தூரமே நகரும். வயர் முழுவதும் ஏற்கெனவே இலத்திரன்களால் நிறைந்திருப்பதால், ஒரு முனையில் தள்ள மறுமுனையில் உடனே நகர்வு தெரிகிறது. விளக்கு தாமதிக்காமல் எரிவதற்குக் காரணம் அதுதான்.

மற்றது, பாடப்புத்தகத்தில் மின்னோட்டத்தின் திசை நேர்முனையிலிருந்து மறைமுனைக்கு என்று இருக்கும். கதையில் இலத்திரன்கள் எதிர்த்திசையில் போகின்றன. இலத்திரனைப் பற்றி அறியுமுன்னரே அந்தத் திசையை வழக்கமாக்கிவிட்டார்கள். பிள்ளை ‘எது சரி’ என்று கேட்டால், இரண்டும் ஒரே நகர்வைச் சொல்லும் இரண்டு வழக்கங்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

எங்கட வீட்டுக் கூரையில பெரிய பனல் இருக்கு. பிள்ளையள் அதில மீற்றர் வைச்சுப் பாக்கலாமா?

கூடவே கூடாது. வாடிப் பனலின் 21 வோல்ற்று உயிருக்கு ஆபத்து இல்லை. கூரைப் பனல்கள் பலவற்றைத் தொடராக இணைப்பதால் சில நூறு வோல்ற்று இருக்கும். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை அதை நிறுத்திவிட முடியாது. சுவிட்சை அணைத்தாலும் பனலிலிருந்து சுவிட்ச் வரையுள்ள வயரில் அது இருந்துகொண்டே இருக்கும். சாக்குப் போட்டு மூடினாலும் வோல்ற்று இருக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

கடைசியில வதனி நிலவில கரண்ட் வருமா எண்டு கேக்கிறாள். சேர் ஏன் பதில் சொல்லல்ல?

பூரணை இரவில் மீற்றரை எடுத்துக்கொண்டு வெளியே வரச் சொல்வதுதான் அவருடைய பதில். நிலவும் சூரிய வெளிச்சமே, திரும்பி வருவது. முழுநிலவின் வெளிச்சம் நண்பகல் வெயிலின் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. அம்பியர் வெளிச்சத்துடன் நேராகக் குறையும் என்று முன்பு சொன்னேன், ஆகவே 1.1 அம்பியரை நான்கு இலட்சத்தால் வகுத்தால் மூன்று மைக்குரோ அம்பியருக்குச் சற்றுக் குறைவாக வரும். மீற்றரை மிகச் சிறிய அம்பியர் அளவில் வைத்து, தெருவிளக்கும் வீட்டு விளக்கும் எட்டாத வட்டை வெளியில், பனலை நிலவுக்கு நேரே பிடித்தால் முள்ளோ எண்ணோ அசைவதைப் பார்க்கலாம். பனலைக் கவிழ்த்துப் பிடித்தால் அது மீண்டும் சூனியத்துக்குப் போகும்.